செனாங்கின் வலை நாலே மாதத்தில் கிழிந்துபோனது: நூல் மோசமா, கண் மோசமா, கயிறு மோசமா?

ஊத்தான் குமார் | செவ்வாய், இரவு 9.14

வணக்கம். நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவன். முதுகு ஒத்துழைக்காததால் இரண்டு வருடமாக பெர்ணம் ஆற்று முகத்துவாரத்தில் சின்ன போட்டு ஓட்டுகிறேன், 18 அடி ஃபைபர், 15 குதிரைசக்தி என்ஜின், கூட யாரும் இல்லை.

போன வருடக் கடைசியில் ஒரு கடையில் தயாராகக் கோர்த்த தங்சி வலை, அதாவது ஒற்றை நரம்பு நைலான் வலை, வாங்கினேன். செனாங்கின் பிடிக்க மூன்றரை அங்குலக் கண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சின்ன கெலாமாவும் சின்ன செனாங்கினும்தான் வருகிறது, பெரியது வந்த இடத்தில் ஓட்டைதான் மிச்சம். இப்போது வலையைக் கையில் எடுத்தாலே நூல் பட்டென்று போகிறது. மேல்கயிறு முறுக்கிக்கொண்டு வலை முழுக்க ஜடை பின்னியதுபோல் ஆகிவிடுகிறது. போதாதற்கு போன வாரம் நங்கூரக் கயிறு என் சொந்த என்ஜினின் விசிறியிலேயே சிக்கி அறுந்தது.

புது வலை வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். மறுபடியும் ஏமாறக்கூடாது. என்ன பொருள், என்ன கண், என்ன கயிறு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் ராஜன் | செவ்வாய், இரவு 9.40

தம்பி, இதுக்கு ஒரே பதில்தான், தங்சியை விட்டுத் தொலையுங்கள். திரித்த நைலான் நூல் வலை வாங்குங்கள், மூன்று மடங்கு நாள் உழைக்கும். கயிறு எல்லாவற்றுக்கும் பாலிபுரொப்பிலீன், அந்த நீலக் கயிறு. விலை குறைவு, தண்ணீரில் ஊறாது, அழுகாது. நான் தூண்டில்காரன்தான், ஆனாலும் போட்டு வைத்திருக்கிறேன், இருபது வருடமாக நீலக் கயிறுதான்.

லோரிக்கார செல்வம் | செவ்வாய், இரவு 10.02

வலை பற்றிய பேச்சு என்றதும் வந்தேன். குலை ஏற்றும் லோரிக்கு மேலே மூடுவதற்கு நல்ல வலை எங்கே கிடைக்கும்? இப்போது போட்டிருப்பது குலையின் முள் குத்திக் குத்தி இரண்டு மாதத்தில் கிழிந்துவிட்டது. கீழே உதிரிப்பழம் விழுந்தால் சாலையில் நிறுத்தி சம்மன் எழுதுகிறார்கள்.

ஊத்தான் குமார் | செவ்வாய், இரவு 10.10

அண்ணே, இது மீன் வலை 😅

பாகான் அக்கா | புதன், காலை 6.25

குமார் தம்பி, நான் பாகான் டத்தோ பக்கத்தில் வலை கோர்த்துக் கொடுக்கிறவள். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், நான் வாசலில் உட்கார்ந்து கட்டுவேன், இருபத்திரண்டு வருடமாகிறது. புது வலை வாங்குவதற்கு முன் பழைய வலையிடம் கேளுங்கள், என்ன நடந்தது என்று அதுவே சொல்லும். நாலு கேள்வி கேட்கிறேன், பதில் போடுங்கள்.

ஒரே வரிசையில் பத்துக் கண்ணைச் சேர்த்து இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு எத்தனை சென்டிமீட்டர்? ஒரு கண்ணை மட்டும் அளந்தால் கை ஏமாற்றும். அடுத்தது, அறுந்த இடம் முடிச்சிலேயா, நடு நூலிலேயா? வலையை எங்கே காய வைக்கிறீர்கள்? மேல்கயிற்றில் மொத்தம் எத்தனை மீட்டர், அதில் எத்தனை கண் கட்டியிருக்கிறது?

செல்வம் தம்பிக்கும் சொல்கிறேன். உங்களுக்கு நைலான் வேண்டாம். கறுப்பு பாலிஎத்திலீன் முடிச்சு வலை, பழைய இழுவைப் படகுகளில் கழித்துப் போட்டது கிடைத்தாலும் போதும். கறுப்பு என்பது சும்மா சாயம் இல்லை, உள்ளே கரித்தூள் கலந்திருக்கும், அது வெயிலை உள்ளே விடாது. முள் குத்தினாலும் நூல் தடிப்பாக இருப்பதால் தாங்கும்.

லோரிக்கார செல்வம் | புதன், காலை 7.50

நன்றி அக்கா. ஜெட்டியில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஊத்தான் குமார் | புதன், இரவு 8.30

அக்கா, அளந்துவிட்டேன். பத்துக் கண் 76 சென்டிமீட்டர். அறுந்தது முக்கால்வாசி முடிச்சுக்குப் பக்கத்தில். காய வைப்பது வீட்டு ஜிங்க் கூரை மேல், தினமும், காலையிலிருந்து மாலை வரைக்கும், அப்பா அப்படித்தான் செய்வார். மேல்கயிறு 126 மீட்டர். கண் எண்ண முடியவில்லை, ஆனால் வலையை முழுக்க இழுத்தால் 180 மீட்டர் என்று கடைக்காரர் சொன்னார். அதையே பெருமையாகச் சொன்னார், "மற்றவர்கள் இதே வலையில் 90 மீட்டர்தான் கட்டுவார்கள், நான் 126 தருகிறேன்" என்று.

பாகான் அக்கா | வியாழன், காலை 6.10

சரி, எல்லாம் தெரிந்துவிட்டது. 76 என்றால் ஒரு கண் 7.6 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலம். உங்களுக்கு மூன்றரை என்று விற்றது மூன்று. இதை வலையைக் கையில் வாங்கும்போதே பத்துக் கண் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், டேப்பை பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரை அங்குலம் ஏன் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். செனாங்கின் ஒன்றை எடுத்து, செவுளுக்குப் பின்னால் ஒரு நூலைச் சுற்றி அளவு எடுங்கள், அப்புறம் வயிற்றின் தடிமனான இடத்தில் சுற்றி எடுங்கள். நான் அளந்த ஒரு மீனில், தலையிலிருந்து வால் வரை 35 சென்டிமீட்டர் வரும், செவுள் பக்கம் 15.5, வயிறு 19. கண் ஒன்றை விரித்தால் அதன் சுற்றளவு இழுத்த அளவின் இரண்டு மடங்கு. மூன்று அங்குலக் கண்ணுக்கு அது 15.2. அந்த மீனின் செவுளே உள்ளே போகாது, மூக்கை முட்டிவிட்டுத் திரும்பிவிடும், கோபம் வந்தால் கிழித்துக்கொண்டு போகும். மூன்றரைக்கு 17.8 வரும். செவுள் தாண்டும், வயிறு தாண்டாது, மாட்டிக்கொள்ளும். இரண்டு அளவுக்கும் நடுவில் கண் விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சின்ன மீன் ஏன் வந்தது என்பதும் இப்போது புரியும், அவற்றுக்கு அந்தக் கண்தான் சரி.

மீன் மாறினால் அளவும் மாறும். கெம்போங்குக்கு இரண்டு, இரண்டேகால். பாவால் தட்டை உடம்பு, அதே நீளத்துக்கு இன்னும் பெரிய கண் கேட்கும். பிடிக்க நினைக்கும் மீனைச் சந்தையில் வாங்கி நூலால் சுற்றுங்கள், கடைக்காரர் வாயைப் பார்க்காதீர்கள்.

தெலுக் இந்தான் மூர்த்தி | வியாழன், காலை 9.05

அக்கா சொல்வது சரி, ஆனால் வெயில் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் வலையை வெயிலில் காயப்போடாவிட்டால் அழுகிவிடும் என்பார்கள். குமார் அப்பா சொன்னதில் தவறு என்ன?

பாகான் அக்கா | வியாழன், மதியம் 1.20

தாத்தா காலத்து வலை பருத்தி மூர்த்தி ஐயா. கண்டல் மரப்பட்டையைக் கொதிக்க வைத்துச் சாயம் ஏற்றி, வெயிலில் காய வைத்தால்தான் பிழைக்கும், இல்லையென்றால் பூசணம் பிடித்துத் தூளாகிவிடும். நைலான் அழுகாது. அதற்கு வெயில்தான் பகை. ஜிங்க் கூரை மேல் என்றால் மேலே வெயில், கீழே தகரச் சூடு, இரண்டும் சேர்ந்து வறுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு, அப்புறம் சாக்கால் மூடினால் போதும். போட்டிலேயே விட்டாலும் மேலே ஒரு தார்பாய் போடுங்கள்.

வெயிலால் போன நூலை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், புதுத் தங்சி கண்ணாடி போல மின்னும், செத்தது பால் போல மங்கியிருக்கும், விரலால் தடவினால் சொரசொரப்பு. ஒரு நூலை எடுத்துச் சாதாரண முடிச்சுப் போட்டு மெதுவாக இழுங்கள். முடிச்சில் உடனே அறுந்தால் வெயில். குமார் வலையில் முடிச்சோரமாக அறுகிறது என்றதும் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. நடு நூலில் நறுக்கினாற்போல் இருந்தால் நண்டு, அல்லது மரக்கட்டை. முடிச்சு நகர்ந்து கண் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் வலை நெய்தபோதே ஒற்றை முடிச்சு, தங்சிக்கு இரட்டை முடிச்சுதான் நிற்கும்.

கிள்ளான் ராஜன் | வியாழன், மாலை 6.45

அப்போ நான் சொன்ன நூல் வலை சரிதானே, அது வெயிலையும் தாங்கும்.

பாகான் அக்கா | வியாழன், இரவு 8.15

பாதி சரி ராஜன் அண்ணா. நூல் வலை தடிப்பாக இருப்பதால் மேல்தோல் கெட்டாலும் உள்ளே கொஞ்சம் உயிர் இருக்கும், மென்மையாக இருப்பதால் கிழிசல் தைப்பதும் சுலபம். ஆனால் தெளிந்த தண்ணீரில் மீனுக்குச் சுவர் மாதிரி தெரியும். சேற்றையும் பிடித்துக்கொள்ளும். நண்டும் டூரி மீனும் சுற்றிக்கொண்டால் பிரிக்க ஒரு மணி நேரம். குமார் தனி ஆள், கூட யாரும் இல்லை என்கிறார்.

நீலக் கயிற்றுக்கு அப்புறம் வருகிறேன், அடுப்பில் சோறு.

தெலுக் இந்தான் மூர்த்தி | வியாழன், இரவு 9.00

தெளிந்த தண்ணீர் என்று சொல்லாதீர்கள் அம்மா. பெர்ணம் ஆற்றுத் தண்ணீர் தே தாரிக் நிறம். அதில் எந்த மீனுக்கு என்ன தெரியும்? நான் முப்பது வருடம் பல இழை நூல் வலைதான் போட்டேன், இரவில் போட்டால் தங்சிக்கும் அதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தங்சிக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்கினார்கள், நான் நாலு வருடம் ஓட்டினேன்.

பாகான் அக்கா | வியாழன், இரவு 9.50

அது நியாயமான வாதம் ஐயா. கலங்கிய தண்ணீரிலும் இருட்டிலும் அப்படி வித்தியாசம் குறைவுதான், எங்கள் வீட்டிலேயே இதில் சண்டை. அவர் தங்சி, என் அண்ணன் நூல். ஆனால் முகத்துவாரத்தை விட்டு வெளியே போனால் பெரிய தண்ணீர் இல்லாத நாளில் நிறம் தெளியும்.

நான் தம்பிக்குத் தங்சி என்று சொல்வேன், 0.28 அல்லது 0.30 மில்லிமீட்டர். அவரிடம் இருப்பது 0.20 என்று நினைக்கிறேன், அது கெம்போங்குக்குப் போதும், செனாங்கின் உதைக்கு மெல்லியது. தடிமன் ஏற ஏற வலை விறைத்துக்கொள்ளும், மீன் மாட்டுவது குறையும், அதனால் 0.40 என்று போய்விடாதீர்கள்.

இப்போது 126 மீட்டர் கதை. இதுதான் பெரிய ஏமாற்று என்பேன், கடைக்காரர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. 180 மீட்டர் இழுத்த வலையை 90 மீட்டர் கயிற்றில் கட்டினால் பாதிக்குப் பாதி, கண் நெட்டுக்கு நீண்ட டைமன் வடிவில் நிற்கும், தொய்வு இருக்கும், மீன் முட்டினால் கொஞ்சம் பின்னால் போய்ச் சுருங்கிச் சுற்றும். 126இல் கட்டினால் கண் சதுரமாக விரிந்து, வலை டிரம் தோல் மாதிரி இறுகும். மீன் முட்டிவிட்டுத் திரும்பும், பெரியது முட்டினால் வலுவெல்லாம் ஒரே முடிச்சில் விழுந்து அறும். நீளம் கூடியதாகத் தெரியும். மீன் கூடாது.

ஆழமும் மாறும். தம்பி வலை 50 கண் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை அங்குலத்தில் 50 கண் இழுத்தால் 4.45 மீட்டர். பாதிக்குப் பாதி கட்டினால் தண்ணீரில் ஏறக்குறைய 3.85 மீட்டர் தொங்கும், 126இல் கட்டினால் 3.2தான். அடியில் போகிற மீன் ஈயக்கயிற்றுக்குக் கீழே போய்விடும்.

கட்டும்போது எண்ணிக்கை பிசகாமல் இருக்க, 13.3 சென்டிமீட்டரில் ஒரு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று கண்ணுக்கு ஒரு கட்டு, குச்சி அளவுக்கு ஒரு கட்டு. மூன்று கண் இழுத்தால் 26.7, பாதி 13.3. ஏறத்தாழ 670 கட்டு வரும், நான் மூன்று நாளில் முடிப்பேன், உங்களுக்கு ஒரு வாரம்.

சுங்கை பெசார் லதா | வெள்ளி, காலை 10.30

அக்கா, குச்சிக் கணக்கு சேமித்து வைத்துவிட்டேன். தம்பி மகனுக்கு வேண்டும். கயிறு என்னவாகிற்று?

பாகான் அக்கா | வெள்ளி, இரவு 7.40

சோறு வெந்தது, மறந்தே போனேன். குமார், உங்கள் மேல்கயிறு ஒற்றைக் கயிறுதானே? முறுக்கிய கயிறு இழுபடும்போதெல்லாம் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், வலையும் கூடவே சுருளும். அதனால் இரண்டு மெல்லிய கயிறு போடுங்கள், ஒன்று வலப்பக்கம் முறுக்கியது, இன்னொன்று இடப்பக்கம். ஒன்று இந்தப் பக்கம் சுற்றப் பார்த்தால் மற்றது அந்தப் பக்கம் இழுக்கும். ஒன்றில் மிதவையைக் கோர்த்து, மற்றதில் வலையைக் கட்டி, இரண்டையும் சேர்த்துப் பிணைப்பது வழக்கம். கயிற்றை நிமிர்த்திப் பிடித்தால் புரி கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஏறினால் ஒரு ஜாதி, கீழ் வலதிலிருந்து மேல் இடதுக்கு ஏறினால் மறு ஜாதி. கடைகளில் முதல் ஜாதிதான் எங்கும் கிடைக்கும், இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தருவார்கள். 4 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் போதும், மிதக்கும், கைக்கும் இதம்.

அடிக்கயிற்றை வலையோடு கட்டும் நூலை மட்டும் மேலே கட்டியதைவிட மெல்லியதாக எடுங்கள். முகத்துவாரத்தில் பழைய கட்டைகள் குத்தி நிற்கின்றன அல்லவா, ஈயக்கயிறு மாட்டினால் கட்டு அறுந்து வலை தப்பும். எல்லாம் ஒரே பலமாக இருந்தால் வலை முழுக்கக் கடலுக்குத்தான். அப்படிப் போனது சும்மா கிடக்காது, யாரும் எடுக்காமல் அங்கேயே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

கிள்ளான் ராஜன் | வெள்ளி, இரவு 8.20

நீலக் கயிறு? நான் இருபது வருடம் வைத்திருக்கிறேன் என்று சொன்னேனே.

பாகான் அக்கா | வெள்ளி, இரவு 8.55

அண்ணா, நீலக் கயிறு மிதக்கும். நங்கூரக் கயிற்றுக்கு அதுவே கேடு, நங்கூரத்தைத் தளர்த்தி என்ஜினைத் தொட்ட நேரத்தில் கயிறு தண்ணீரின் மேல் வட்டமாக மிதந்து விசிறியைத் தேடிவரும். குமாருக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். நங்கூரத்துக்கு நைலான் போடுங்கள், தண்ணீரில் அமிழும், இழுபடும்போது நீளும், அலை தூக்கிப் போட்டாலும் போட்டு முன்கொம்பைப் பிடுங்காது. தடிமன் 10 அல்லது 12. எந்தக் கயிறு எந்தப் பொருள் என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே, நைலானும் பாலியெஸ்டரும் கீழே. இரண்டு நிமிட வேலை.

உங்கள் இருபது வருடம் பற்றி ஒன்று கேட்கிறேன், அது வெயிலில் கிடந்ததா, பெட்டியிலா? உள்ளங்கையில் உருவிப் பாருங்கள். நீலத் தூளும் மெல்லிய முள்ளும் கையில் ஒட்டினால் அதன் பலத்தில் பாதி போய்விட்டது.

கிள்ளான் ராஜன் | வெள்ளி, இரவு 10.15

உருவினேன். ஒட்டுகிறது. பெட்டிக்குள் இருந்த துண்டு நன்றாக இருக்கிறது, வெளியே கட்டிக் கிடந்தது நூல் நூலாக. சரி, மாற்றுகிறேன்.

ஊத்தான் குமார் | அடுத்த புதன், இரவு 9.30

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இடதுமுறுக்குக் கயிறு கிடைக்க மூன்று கடை ஏறினேன், மூன்றாவதில் தௌகே உள்ளே போய் ஒரு சுருளைத் தூசி தட்டி எடுத்துவந்தார், யாரும் கேட்பதில்லை என்றார். தங்சி 0.30, மூன்றரை அங்குலம், இந்த முறை கடையிலேயே பத்துக் கண் இழுத்தேன், 88.5 வந்தது. 89 வரணும், கொஞ்சம் குறைவு, பரவாயில்லையா அக்கா? குச்சியை வைத்துக் கட்டத் தொடங்கியிருக்கிறேன், 210 கட்டு முடிந்தது, இரண்டு விரலும் கொப்பளம்.

மூர்த்தி ஐயா சொன்னதும் மனதில் இருக்கிறது. அதனால் பழைய மேல்கயிற்றில் 30 மீட்டர் மட்டும் நூல் வலை கட்டி, இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே இரவில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

பாகான் அக்கா | அடுத்த வியாழன், காலை 6.05

அரை சென்டிமீட்டர் பத்துக் கண்ணுக்கு. பரவாயில்லை, கட்டுங்கள். கொப்பளத்துக்கு விரலில் சைக்கிள் டியூப் துண்டு மாட்டிக்கொள்ளுங்கள். நூல் வலையையும் 90 மீட்டர் கணக்கில் போட்டு ஒப்பிடாதீர்கள், மீட்டருக்கு எத்தனை மீன் என்று எழுதிப் பாருங்கள்.

தெலுக் இந்தான் மூர்த்தி | அடுத்த வியாழன், காலை 8.40

இரண்டு கண்ணும் ஒரே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எதைச் சோதிக்கிறாய் என்று தெரியாது. எடுக்கும் நேரத்தையும் எழுது. நாலு இரவாவது போடு, ஒரு இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே.

ஊத்தான் குமார் | மறுவாரம் திங்கள், இரவு 11.10

இரண்டு இரவு போட்டேன். முதல் இரவு தங்சியில் ஏழு செனாங்கின், நூலில் இரண்டு, மூன்று பங்கு நீளம் என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுகூட கிழிக்கவில்லை. இரண்டாவது இரவு தண்ணீர் பெரிது, நூல் வலையில் ஒரு டூரிக் கூட்டம் விழுந்து, பிரிக்கும்போது விடிந்துவிட்டது, கையெல்லாம் முள். அந்த இரவு எதையும் எண்ணவில்லை. இன்னும் இரண்டு இரவு பாக்கி. வெள்ளிக்கிழமை ஆயர் மாத்தி வருகிறது, நீரோட்டம் அடங்கியிருக்கும், அப்போது போட்டுவிட்டு எழுதுகிறேன்.

தெலுக் இந்தான் மூர்த்தி | மறுவாரம் செவ்வாய், காலை 7.15

டூரியை என்ன செய்தாய்? எங்கள் வீட்டில் புளிக்குழம்பு வைப்பார்கள்.